ஐந்து மின்தேக்கிகள், இரண்டு தீவுகள்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகு நிலைமின்னியல். அதன் கடைசிப் பகுதியில் மின்தேக்கிகள் வருகின்றன. பாடம் அங்கே வந்து சேர்ந்ததும், இயற்பியல் சொல்லித் தருபவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான புகைப்படங்கள் வரத் தொடங்கிவிடும். நோட்டுப் பக்கம் ஒன்று, அதில் பேனாவால் வரைந்த ஒரு மின்சுற்று, ஓரத்தில் விரலின் நிழல், அடியில் ‘ஒவ்வொரு மின்தேக்கியிலும் உள்ள மின்னூட்டத்தையும் ஆற்றலையும் காண்க’ என்று ஒரு வரி. கூடவே ஒரு கேள்வியும் வரும்: “சார், இதுல எது சீரிஸ், எது பேரலல்?”

இந்தக் கணக்கில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் கேள்வியிடம்தான். வாய்பாடுகள் இரண்டே இரண்டு. அவை எல்லோருக்கும் மனப்பாடம். பெருக்கல் வகுத்தலும் எட்டாம் வகுப்பு அளவுதான். ஆனாலும் விடை தவறுகிறது. வரைந்திருக்கும் வடிவத்தைப் பார்த்துக் கண் ஒரு முடிவுக்கு வருகிறது. கம்பிகள் உண்மையில் எதை எதோடு இணைக்கின்றன என்பது வேறாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, முதல் பார்வையிலிருந்து கடைசி விடை வரை போய்ப் பார்ப்போம்.

மின்தேக்கி என்பது அருகருகே இருந்தும் தொட்டுக்கொள்ளாத இரண்டு உலோகத் தகடுகள். மின்கலத்தோடு இணைத்தால் ஒரு தகட்டில் நேர் மின்னூட்டம் சேரும். எதிர்த் தகட்டில் அதே அளவு எதிர் மின்னூட்டம் சேரும். நம் வீட்டுச் சீலிங் ஃபேனுக்குள் இருக்கும் ‘கண்டன்சர்’ இதுதான். தகடுகளுக்கு இடையே ஒரு வோல்ட் கொடுத்தால் எவ்வளவு மின்னூட்டம் சேர்கிறது என்பதே அதன் மின்தேக்குத்திறன். ஃபாரட் மிகப் பெரிய அலகு என்பதால், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஃபாரட்டைத்தான் இவ்வகைக் கணக்குகளில் பயன்படுத்துகிறோம். திறனை மைக்ரோ ஃபாரட்டிலும் அழுத்தத்தை வோல்ட்டிலும் வைத்துக்கொண்டால், மின்னூட்டம் மைக்ரோ கூலும்பிலும் ஆற்றல் மைக்ரோ ஜூலிலும் தானாக வந்து நிற்கும். நடுவில் பத்தின் அடுக்குகளை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

இனி படம். இடது ஓரத்தில் 12 வோல்ட் மின்கலம், நேர்முனை மேலே. அந்த முனையிலிருந்து ஒரு கம்பி மேல்பக்கமாக வலது நோக்கிப் போகிறது. அதில் முதலில் C1 என்ற 6 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. அதைத் தாண்டியதும் ஒரு கரும்புள்ளி. அங்கிருந்து C2, 4 மைக்ரோ ஃபாரட், செங்குத்தாகக் கீழே இறங்கி அடிக்கம்பியைத் தொடுகிறது. மேல்கம்பி அதே நேர்கோட்டில் தொடர்ந்து C3 வழியாகப் போகிறது. அது 3 மைக்ரோ ஃபாரட். பிறகு வலது மூலையில் திரும்பிக் கீழே இறங்குகிறது. அந்த வலது பக்கத்தில் C4, 6 மைக்ரோ ஃபாரட். அதற்குக் கீழே அடிக்கம்பி. அது மின்கலத்தின் எதிர்முனைக்குத் திரும்பி வருகிறது. இதுவரை ஒரு செவ்வகம், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. C1-க்கு இடப்புறத்திலிருந்து ஒரு கம்பி கிளம்பி, படம் முழுவதற்கும் மேலே வளைவாகச் சென்று, வலது ஓரத்துக்கு வெளியே இறங்கி, அடிக்கம்பியின் வலது முனையில் சேர்கிறது. அந்த வளைவில் C1-க்கு நேர் மேலே C5 உட்கார்ந்திருக்கிறது, 2 மைக்ரோ ஃபாரட்.

கணக்கில் இறங்குமுன் புகைப்படத்தைச் சரியாகப் படித்தோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் செலவழிப்பது வீண் அல்ல. முதலில் அலகு. கையெழுத்தில் மைக்ரோ குறியான µ, ஆங்கில ‘எம்’ போலத் தெரியும். அப்படிப் படித்தால் மைக்ரோ மில்லியாகி, விடை ஆயிரம் மடங்கு பெருத்துவிடும். கடைகளில் கிடைக்கும் ஃபேன் கண்டன்சர்களில் ‘எம்.எஃப்.டி.’ என்று அச்சிட்டிருப்பதும் மைக்ரோ ஃபாரட்டைத்தான். தசமப் புள்ளி மங்கலான படத்தில் மறைந்துபோகும், 2.2 என்பது 22 ஆகிவிடும். அடுத்தது குறியீடு. மின்தேக்கிக்கு இரண்டு கோடுகளும் ஒரே நீளம். மின்கலத்துக்கு ஒன்று நீளம், ஒன்று குட்டை, நீளமானது நேர்முனை. சாய்வாக எடுத்த படத்தில் ஒரே நீளக் கோடுகள்கூட நீளமும் குட்டையுமாகத் தெரியும். மூன்றாவது, கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். அங்கே கரும்புள்ளி இருந்தால் இணைப்பு. புள்ளி இல்லாமல் ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போனால் இணைப்பு இல்லை. நம் படத்தில் வளைவுக்கம்பி செவ்வகத்தின் வலது மூலைக்கு மிக அருகில் போகிறது. அங்கே தொடுகிறதா, விலகிப் போகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். விலகித்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தேகமாக இருந்தால் படம் அனுப்பியவரைக் கேட்டுவிடுவதே நல்லது. அந்த ஒரு புள்ளியால் விடை முழுவதும் மாறிவிடும்.

இப்போது முக்கியமான வேலை. பென்சிலை எடுத்து மின்கலத்தின் நேர்முனையில் வைத்து, கம்பியின்மேல் ஓட்டுங்கள். ஏதாவது ஒரு மின்தேக்கியின் தகடு வந்தால் நின்றுவிடுங்கள், தாண்டாதீர்கள். கிளை பிரிந்தால் அந்தக் கிளையிலும் ஓட்டுங்கள். இப்படிப் பென்சில் எட்டிய இடம் எல்லாம் ஒரே புள்ளிதான், கம்பி எவ்வளவு நீளமானாலும் எத்தனை முறை வளைந்தாலும். உலோகக் கம்பி முழுவதும், மின்னூட்டம் ஓடி அடங்கிய பிறகு, ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அதனால் அதற்கு ஒரே பெயர் போதும். இதை A என்போம். அதேபோல எதிர்முனையிலிருந்து ஓட்டினால் அடிக்கம்பி முழுவதும், வலது ஓரத்தில் ஏறும் வளைவுக்கம்பியும் சேர்ந்து, C5-இன் ஒரு தகடு வரை B ஆகிறது. C1, C2, C3 மூன்றும் சந்திக்கும் கரும்புள்ளி D. C3-க்கும் C4-க்கும் நடுவே உள்ள மூலை E.

நான்கே பெயர்கள். இப்போது ஒவ்வொரு மின்தேக்கியும் எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். C1 என்பது A-க்கும் D-க்கும் நடுவே. C2, D-B. C3, D-E. C4, E-B. C5, A-B. இந்த ஐந்து வரிகளை எழுதிய பிறகு புகைப்படம் தேவையில்லை; அதை மூடி வைத்துவிடலாம். சுற்றின் எல்லாத் தகவலும் இந்த ஐந்து வரிகளில் வந்துவிட்டது.

கண் எங்கே தவறியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. “மேலயும் கீழயும் இருந்தா பேரலல்தானே சார்?” என்று கேட்கிற மாணவர், C5-ஐ C1-உடன் பக்க இணைப்பாக எடுத்திருப்பார்; ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று இருக்கிறதே! ஆனால் பக்க இணைப்பில் இருக்க வேண்டுமானால் இரண்டு முனைகளுக்கும் ஒரே பெயர்கள் வேண்டும். C1 A-D, C5 A-B. ஒரு பெயர்தான் பொது. C5 நேராக மின்கலத்தோடு இணைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொருவர் C1-உம் C3-உம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் தொடரிணைப்பு என்பார். தொடரிணைப்புக்குத் தேவை நேர்கோடு அன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதுதான். D-இல் C2 இருக்கிறது. ஆகவே C1, C3 தொடரில் இல்லை. மாறாக, மூலையில் செங்கோணமாகத் திரும்பி நிற்கும் C3-உம் C4-உம் தொடரில் இருக்கின்றன. E-இல் அவை இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இந்த E-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடரிணைப்பில் மின்னூட்டம் ஏன் சமமாக இருக்கிறது என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. C3-இன் வலது தகடு, C4-இன் மேல் தகடு, இரண்டையும் இணைக்கும் கம்பி, இவை மூன்றும் சேர்ந்து ஒரு உலோகத் துண்டு. அந்தத் துண்டுக்கு வெளியுலகோடு எந்தக் கம்பித் தொடர்பும் இல்லை. இருபுறமும் தகடுகளுக்கு இடையிலான இடைவெளி. அது ஒரு தீவு. மின்கலத்திலிருந்து ஒரு எலக்ட்ரான்கூட அங்கே போக முடியாது, அங்கிருந்து ஒன்றுகூட வெளியே வர முடியாது. தொடக்கத்தில் தீவில் நிகர மின்னூட்டம் சுழியாக இருந்தால், கடைசி வரை சுழிதான். தீவுக்குள்ளேயே எலக்ட்ரான்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகரலாம். C3-இன் பக்கம் 12 மைக்ரோ கூலும் எதிர் மின்னூட்டம் ஒதுங்கினால், C4-இன் பக்கம் 12 மைக்ரோ கூலும் நேர் மின்னூட்டம் மிஞ்சியாக வேண்டும். இரண்டு மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் சமமாவது இதனால்தான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1749-இலேயே இதைத் தொட்டுவிட்டார். அன்றைய மின்தேக்கியான லெய்டன் ஜாடிகளை ஒன்றின் அடியில் ஒன்றாகத் தொங்கவிட்டால், முதல் ஜாடியின் வெளிப்புறத்திலிருந்து விரட்டப்படுவதே இரண்டாவது ஜாடிக்கு மின்னூட்டமாகிறது என்று அவர் எழுதினார். பதினொரு ஜன்னல் கண்ணாடிகளில் ஈயத் தகடு ஒட்டி அவர் செய்த அடுக்குக்கு ‘பேட்டரி’ என்று பெயர் வைத்தார். அதைத் தொடராக மின்னேற்றி, பிறகு ஒரு பக்கத் தகடுகளை எல்லாம் ஒரு கம்பியிலும் மறு பக்கத் தகடுகளை இன்னொரு கம்பியிலும் இணைத்து ஒரே அடியாகப் பாயவிட முடிந்தது. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது.

பக்க இணைப்பு இதைவிட எளிது. இரண்டு மின்தேக்கிகளின் முனைகளும் ஒரே இரண்டு புள்ளிகளில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே அழுத்தம். ஒவ்வொன்றும் தன் திறனுக்கேற்ப மின்னூட்டம் எடுத்துக்கொள்ளும்; மொத்தம் என்பது கூட்டல். ஆகவே திறன்களும் கூடும். தொடரில் மின்னூட்டம் பொது, அழுத்தங்கள் கூடுகின்றன. அதனால் திறன்களின் தலைகீழ்கள் கூடுகின்றன. மின்தடைகளில் பழகியவர்களுக்கு இது நேர் எதிராக இருக்கும்.

இனிச் சுருக்குவோம். மின்கலத்துக்கு மிகத் தொலைவில் இருப்பதிலிருந்து தொடங்குவது வசதி. C3, C4 தொடரில் இருக்கின்றன. இரண்டு மின்தேக்கிகள் மட்டும் தொடரில் இருந்தால், பெருக்கலைக் கூட்டலால் வகுத்தால் போதும்.

C34 = (3 × 6) / (3 + 6) = 2

இந்த 2 மைக்ரோ ஃபாரட் இப்போது D-க்கும் B-க்கும் நடுவே நிற்கிறது, E மறைந்துவிட்டது. அதே D-B நடுவே C2 ஏற்கெனவே இருக்கிறது. முனைப் பெயர்கள் ஒன்றானதால் பக்க இணைப்பு: 2 + 4 = 6 மைக்ரோ ஃபாரட். இப்போது D-இல் C1-ஐயும் இந்த 6-ஐயும் தவிர வேறு எதுவும் இல்லை. இதுவரை தொடராக இல்லாத C1 இந்தக் கட்டத்தில்தான் தொடராகிறது. 6-உம் 6-உம் தொடரில் 3 மைக்ரோ ஃபாரட், A-B நடுவே. அதே A-B நடுவே C5. 3 + 2 = 5. முழுச் சுற்றும் மின்கலத்துக்கு ஒரே ஒரு 5 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி போலத்தான் தெரியும்.

நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கேள்வி கேட்டது ஒவ்வொன்றின் மின்னூட்டத்தையும் ஆற்றலையும். அதற்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். சுருக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு படம் வரைந்து வைத்திருந்தால், அதே படங்களைத் தலைகீழ் வரிசையில் பார்த்தால் போதும். திரும்பும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி: நான் இப்போது பிரிப்பது பக்க இணைப்பையா, தொடரிணைப்பையா? பக்க இணைப்பைப் பிரிக்கிறேன் என்றால் அழுத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். தொடரிணைப்பைப் பிரிக்கிறேன் என்றால் மின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதில் மாறிப்போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தொடரில் இருக்கும் இரண்டுக்கும் ‘அதே 6 வோல்ட்’ என்று எழுதிவிடுவார்கள்.

மொத்த மின்னூட்டம் 5 × 12 = 60 மைக்ரோ கூலும். முதலில் பிரிவது A-B நடுவே உள்ள பக்க இணைப்பு. ஆகவே அழுத்தம் பொது, 12 வோல்ட். C5-க்கு 2 × 12 = 24 மைக்ரோ கூலும். மற்றக் கிளையின் 3 மைக்ரோ ஃபாரட்டுக்கு 36. இரண்டும் சேர்ந்தால் 60, சரி. அடுத்து அந்த 3 என்பது C1-உம் ஒரு 6-உம் சேர்ந்த தொடர். ஆகவே மின்னூட்டம் பொது: C1-இல் 36 மைக்ரோ கூலும், அதன் அழுத்தம் 36 / 6 = 6 வோல்ட். மீதி 6 வோல்ட் D-B நடுவே. இப்போது D-B பக்க இணைப்பைப் பிரிக்கிறோம். மறுபடி அழுத்தம் பொது. C2-க்கு 4 × 6 = 24 மைக்ரோ கூலும். C3-C4 கிளையின் 2 மைக்ரோ ஃபாரட்டுக்கு 2 × 6 = 12. கடைசியாக அந்தத் தொடரைப் பிரித்தால் C3-இலும் C4-இலும் தலா 12 மைக்ரோ கூலும். C3-இன் அழுத்தம் 12 / 3 = 4 வோல்ட்; C4-இன் அழுத்தம் 12 / 6 = 2 வோல்ட்; இரண்டும் சேர்ந்து 6.

ஆற்றலுக்கு மின்னூட்டத்தையும் அழுத்தத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்.

U = ½ Q V

பாதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: முதல் துளி மின்னூட்டம் ஏறும்போது மின்தேக்கியின் அழுத்தம் சுழி, கடைசித் துளி ஏறும்போது முழு அழுத்தம். சராசரி, பாதி. C5-இல் ½ × 24 × 12 = 144 மைக்ரோ ஜூல். C1-இல் ½ × 36 × 6 = 108. C2-இல் ½ × 24 × 6 = 72. C3-இல் ½ × 12 × 4 = 24. C4-இல் ½ × 12 × 2 = 12. எல்லாவற்றையும் கூட்டினால் 360. சுற்றை ஒரே மின்தேக்கியாக எடுத்துக்கொண்டால் ½ × 60 × 12 = 360. இரண்டு வழியிலும் ஒரே எண் வருவது நல்ல சோதனை. நடுவில் எங்காவது கை தவறியிருந்தால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மின்கலம் தந்தது எவ்வளவு? அது 60 மைக்ரோ கூலும்பை 12 வோல்ட்டுக்கு எதிராகத் தள்ளியிருக்கிறது: 720 மைக்ரோ ஜூல். மின்தேக்கிகளில் தங்கியது 360. மீதி 360, மின்னேறும்போது கம்பிகளிலும் மின்கலத்தின் உள்தடையிலும் வெப்பமாகப் போய்விட்டது. கம்பியின் தடை அதிகமானால் இழப்பு அதிகமாகுமோ என்று தோன்றும். ஆகாது. தடை கூடினால் மின்னேற நேரம் கூடும். இழப்பு அதே பாதிதான். மாறாத அழுத்தம் தரும் மின்கலத்தை வெறும் மின்தேக்கியோடு நேராக இணைக்கும்வரை இந்தப் பாதி போய்த்தான் தீரும். வகுப்பில் இதைச் சொல்லாமல் கடந்துவிடக்கூடாது என்பது என் எண்ணம். 720-க்கும் 360-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, தாங்கள் எங்கோ தவறு செய்துவிட்டதாக நினைத்துச் சரியான விடையை அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு.

நேர்கோட்டை நம்பி C1, C3, C4 மூன்றையும் தொடராக எடுத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்றும் பார்க்கலாம். மூன்றும் தொடரில் 1.5 மைக்ரோ ஃபாரட். அதோடு C2-ஐயும் C5-ஐயும் பக்க இணைப்பாகக் கூட்டினால் 7.5. மொத்த ஆற்றல் 540 மைக்ரோ ஜூல். இதில் கொடுமை என்னவென்றால், மேலே சொன்ன கூட்டல் சோதனையில் இது தப்பித்துவிடும். தவறான சுற்றுக்குச் சரியான கணக்குப் போட்டிருப்பதால் கூட்டல் சரியாகவே வரும். இதைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும்: மூல சுற்றின் புள்ளிகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். இந்த விடைப்படி C1-இல் 18 மைக்ரோ கூலும், எனவே 3 வோல்ட். அப்படியானால் D-இன் அழுத்தம் 9 வோல்ட். ஆனால் இதே விடைப்படி C2-இன் குறுக்கே 12 வோல்ட். அப்படியானால் D-இன் அழுத்தம் 12. ஒரே கம்பிக்கு இரண்டு அழுத்தம் இருக்க முடியாது. இணைப்பைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

D-யும் ஒரு தீவுதான். மூன்று தகடுகள் கொண்ட தீவு. C1-இன் வலது தகட்டில் எதிர் 36, C2-இன் மேல் தகட்டில் நேர் 24, C3-இன் இடது தகட்டில் நேர் 12. கூட்டினால் சுழி. இந்த ஒரு உண்மையை வைத்துச் சுருக்காமலேயே முழுக் கணக்கையும் முடிக்கலாம். B-ஐச் சுழி வோல்ட் என்றும் D-இன் அழுத்தத்தை V என்றும் வைத்துக்கொள்ளுங்கள். C1 வழியாக D-க்கு எதிரே நிற்பது 6 × (12 − V). C2-இல் 4V. C3-C4 கிளையில் 2V. தீவின் கணக்குச் சுழியாக வேண்டும் என்பதால்:

6(12 − V) = 4V + 2V

V = 6 வோல்ட். நாம் சுருக்கி விரித்துக் கண்டதும் அதுவே. பிரிட்ஜ் வடிவில் ஐந்து மின்தேக்கிகள் வரும் கணக்குகளில் இந்த வழி கைகொடுக்கும். அங்கே நடுவில் இருக்கும் மின்தேக்கி யாருடனும் தொடரிலும் இருக்காது, பக்க இணைப்பிலும் இருக்காது. இருபுறத்து விகிதங்களும் சமமாக இருந்தால் நடுவில் இருப்பதன் குறுக்கே அழுத்தமே இருக்காது, அதை எடுத்துவிடலாம். சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது சுருங்காது. தீவுக்கு ஒன்றாகச் சமன்பாடு எழுதிவிடுவதே வழி.

தொடர்வாய்பாடு பொய்த்துப்போகும் இன்னொரு இடமும் இருக்கிறது. தீவில் தொடக்கத்தில் மின்னூட்டம் இல்லை என்ற ஒரு நிபந்தனையின் மேல்தான் அது நிற்கிறது. கேள்வியில் சாவி ஒன்றை மூடித் திறப்பதாகவோ, ‘முன்பே மின்னேற்றப்பட்ட மின்தேக்கி’ என்றோ வந்தால் நிதானிக்க வேண்டும். 3-உம் 6-உம் மட்டும் தொடராக 6 வோல்ட் மின்கலத்தில் இருக்கின்றன, 3 மைக்ரோ ஃபாரட் நேர்முனைப் பக்கம், 6 மைக்ரோ ஃபாரட் எதிர்முனைப் பக்கம் என்று வைப்போம். நடுத்தீவில் முன்பே நேர் 9 மைக்ரோ கூலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. தீவின் அழுத்தம் V என்றால் 6V − 3(6 − V) = 9. V என்பது 3 வோல்ட். இரண்டுக்கும் சமமாக 3 வோல்ட். ஆனால் மின்னூட்டம் ஒன்றில் 9, மற்றொன்றில் 18 மைக்ரோ கூலும். தொடரில்தான் இருக்கின்றன, மின்னூட்டம் சமமில்லை. வித்தியாசம் சரியாக அந்த 9.

நம் படத்தில் C3-க்கு 4 வோல்ட்டும் C4-க்கு 2 வோல்ட்டும் வந்ததை மறுபடி கவனியுங்கள். தொடரில் சிறிய மின்தேக்கிதான் பெரிய அழுத்தத்தைச் சுமக்கிறது. தேர்வில் இது இரண்டு மதிப்பெண். மேசையில் இது பொருள் சேதம். 50 வோல்ட் தாங்கும் என்று எழுதிய இரண்டு மின்தேக்கிகள் கையில் இருக்கின்றன, ஒன்று 1 மைக்ரோ ஃபாரட், மற்றது 10. தொடரில் போட்டால் 100 வோல்ட் தாங்கும் என்று எண்ணி 88 வோல்ட் கொடுத்தால், 10-க்கு 8 வோல்ட்தான் போகும். 1-க்கு 80 வோல்ட் போய் அது தாங்காமல் போகும். ஒரே திறன் கொண்ட இரண்டைப் போட்டாலும் முழு நிம்மதி இல்லை. எலக்ட்ரோலைட்டிக் வகை மின்தேக்கிகளில் கொஞ்சம் மின்னோட்டம் உள்ளே கசியும். அதாவது தீவுக்குக் கரை முழுதாக இல்லை. ஒன்றில் கசிவு குறைவு, மற்றதில் அதிகம் என்றால், நேரம் போகப் போகக் குறைவாகக் கசிவதன் மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் உயர் அழுத்தக் கருவிகளில் ஒவ்வொரு மின்தேக்கிக்கும் குறுக்கே சம மதிப்புள்ள மின்தடை ஒன்றைப் போட்டு அழுத்தத்தைச் சமமாக வைத்திருக்கிறார்கள்.

இதே படத்தை வைத்து நீங்களே ஒன்று செய்து பாருங்கள். C2-ஐ மட்டும் அழித்துவிட்டு, மற்ற நான்கும் மின்னேறாத நிலையிலிருந்து அதே 12 வோல்ட்டுக்கு இணைக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்குப் பெயரிட்டு, சுருக்கி, விரித்துப் பாருங்கள். இப்போது D-இல் மூன்றாமவர் இல்லை என்பதை மறக்க வேண்டாம். C3-இன் ஆற்றல் 24 மைக்ரோ ஜூலிலிருந்து 54-ஆக உயர்ந்து, மொத்தம் 252 மைக்ரோ ஜூல் வந்தால் உங்கள் கணக்குச் சரி.